நாற்றுமேடைக்கு வெயிலும் வேண்டும், நீரும் வேண்டும்

சென்ற ஆடி மாதத்தில் எழுவான்கரைக் கிராமமொன்றில் ஒரு வீட்டு வளவுக்குச் சென்றிருந்தோம். கிணற்றடிக்குப் பக்கத்தில் நிறமற்ற பொலித்தீன் ஒன்று மணல்மீது விரிக்கப்பட்டு, நான்கு மூலையிலும் கல் வைக்கப்பட்டிருந்தது. கச்சான் காற்று அதன் ஓரங்களைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே கோரையும் புல்லும் பசுமையாக நின்றன. வீட்டுக்கார அம்மா சொன்னது இதுதான்: "போன வருசம் கொச்சிக்காய் விதை மூணு தரம் போட்ட நான் சுவாமி, மூணு தரமும் முளைச்சி ஒரு கிழமையில மடிஞ்சி போயிட்டு. பொலித்தீன் போட்டா நோய் போகும் எண்டு கடுதாசியில இருந்திச்சி, அதான் போட்டிருக்கன்." எத்தனை நாளாயிற்று என்று கேட்டோம். மூன்று கிழமை என்றார். ஓரத்தைத் தூக்கி மணலைக் கையில் எடுத்தோம். ஈரமே இல்லாமல் விரலிடையால் வழிந்து போயிற்று.

அவர் படித்த துண்டுப்பிரசுரத்தை வாங்கிப் பார்த்தோம். பாத்தியைப் பொலித்தீனால் மூடி நான்கு தொடக்கம் ஆறு வாரம் வெயிலில் விடவேண்டும் என்றிருந்தது. பிழையான தகவல் அல்ல. ஆனால் மண் எவ்வளவு நனைந்திருக்க வேண்டும், ஓரம் எப்படி மூடப்பட வேண்டும், உள்ளே எத்தனை பாகை வெப்பம் வரவேண்டும் என்பவை பற்றி ஒரு வரியும் இல்லை. எமது மாவட்டத்தில் இந்த முறை 'சரிவராது' என்ற பெயரை எடுத்திருப்பதற்குக் காரணம் வெயில் போதாமை அல்ல, அந்த விடுபட்ட வரிகளே என்பது எமது கருத்து.

நாற்று மடிவதைச் சிறிய நட்டமாக எண்ணிவிடக் கூடாது. புரட்டாதியில் போட்ட விதை போனால் இரண்டாம் விதைப்பு ஐப்பசிக்குத் தள்ளிப் போகும். அந்தக் கன்று நடும் பருவத்துக்கு வரும்போது வாடைக்காற்றோடு அடைமழை தொடங்கிவிடும். அதற்குப் பயந்து சந்தையில் கன்று வாங்கி நட்டால், வேரோடு ஒட்டி வரும் மண்ணில் பற்றீரியா வாடல் நோயும் சேர்ந்து வளவுக்குள் வந்துவிடுகிறது. ஒரு தடவை வந்தால் அது பல வருடம் போகாது. ஆகவே ஒரு குடும்பத்தின் பெரும்போகத் தோட்டம் முழுவதும் அந்தச் சின்னஞ்சிறு பாத்தியில்தான் தங்கியிருக்கிறது.

சூரிய வெப்பத்தால் மண்ணைத் தொற்றுநீக்கும் இந்த முறை யோர்தான் பள்ளத்தாக்கில் பிறந்தது. பொலித்தீன் விரித்த பாத்தியில் மண் அளவுக்கு மீறிச் சூடாவதை அங்கிருந்த விவசாயிகளும் விரிவாக்க உத்தியோகத்தரும் கவனித்தார்கள். இஸ்ரேலிய தாவர நோயியல் அறிஞர் யாக்கோவ் கட்டான் தமது சக ஆய்வாளருடன் அதை முறையாகச் சோதித்து 1976இல் வெளியிட்டார். அவர்கள் எடுத்துக்கொண்ட பயிர்களுள் எமது கத்தரியும் ஒன்று. பின்னர் 1980களில் ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டஞ்சேரு இக்ரிசாட் நிலையத்தில், துவரைக்கும் கடலைக்கும் வரும் பியூசேரியம் வாடலுக்கு எதிராக, சித்திரை வைகாசி வெயிலில் இது பரீட்சிக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் மண்ணை நனைத்தே மூடினார்கள்.

ஏன் நனைக்க வேண்டும் என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

நிறமற்ற பொலித்தீன் வெயிலை உள்ளே விடுகிறது. வெயில் மண்ணில் பட்டு வெப்பமாகிறது. அந்த வெப்பம் திரும்ப வெளியே போகாமல் தடுக்கப்பட வேண்டும். காற்று வீசி வெப்பத்தை எடுத்துச் செல்வதையும், நீராவி வெளியேறுவதையும் பொலித்தீன் தடுக்கிறது. ஆனால் மண்ணிலிருந்து கதிராக எழும் வெப்பத்தில் பெரும்பகுதியை வெறும் பொலித்தீன் தடுப்பதில்லை, அது ஊடுருவிப் போய்விடும். அதைத் தடுப்பது பொலித்தீனின் உட்புறத்தில் முத்து முத்தாகப் படியும் நீர்த்துளிகளே. அந்தத் துளிகள் ஈர மண்ணிலிருந்துதான் வரமுடியும். இது முதற் காரணம்.

இரண்டாவது, காய்ந்த மணலின் துணிக்கைகளுக்கிடையில் இருப்பது காற்று. காற்று வெப்பத்தைக் கடத்தாது. நண்பகலில் எமது கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது, ஆனால் காலை அரையடி புதைத்துப் பார்த்தால் கீழே குளிர்ச்சி. நாற்று மடியும் நோயின் பங்கசு அந்தக் குளிர்ச்சியில்தான் இருக்கிறது. மணல் நனைந்திருந்தால் துணிக்கைகளுக்கிடையிலுள்ள நீர் வெப்பத்தைக் கீழே கொண்டுபோகிறது.

மூன்றாவது காரணம்தான் பலருக்குத் தெரியாதது. காய்ந்த மண்ணில் பங்கசின் வித்திகளும் புல் விதைகளும் உறங்குநிலையில் இருக்கின்றன. உறங்கும் உயிர் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஈரம் கிடைத்ததும் அவை நீரை உறிஞ்சி விழித்துக்கொள்கின்றன. விழித்த பின்னரே வெப்பம் அவற்றைக் கொல்கிறது. அந்த அம்மாவின் பாத்தியில் பொலித்தீன் மூன்று வாரமும் ஒரு கூடாரமாக மட்டுமே இருந்தது.

இனி வெப்பத்தின் அளவுக்கு வருவோம். பயிர்களைத் தாக்கும் பெரும்பாலான மண் பங்கசுகளுக்கு 37 பாகை செல்சியஸ் ஓர் எல்லை. அதற்குக் கீழே எத்தனை நாள் வைத்திருந்தாலும் பெரிய பலன் இல்லை. 37 பாகையில் இடைவிடாது இரண்டு தொடக்கம் நான்கு வாரம் இருந்தால் அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு அழியும். 50 பாகையில் அதே அழிவுக்குச் சில நிமிடங்கள் தொடக்கம் அரை மணி நேரம் போதும். நன்றாக நனைத்து மூடிய பாத்தியில், மேலிருந்து இரண்டு அங்குல ஆழத்தில் பிற்பகலில் 45 தொடக்கம் 50 பாகைவரை எதிர்பார்க்கலாம். ஆறு அங்குல ஆழத்தில் 40 பாகையளவே வரும். ஓரடிக்குக் கீழே 37ஐ எட்டுவதே கடினம். ஆகவே இரண்டு அங்குலத்தில் 45, ஆறு அங்குலத்தில் 40 என்பதை நாம் இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

கால எல்லையும் இதிலிருந்தே வருகிறது. ஆறு அங்குல ஆழத்தில் அந்த வெப்பம் நாள் முழுவதும் நிற்காது, பிற்பகல் தொடக்கம் முன்னிரவு வரை ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வாரத்தில் அது 140 மணித்தியாலம், அதாவது முழு நாளாகக் கணக்கிட்டால் ஆறு நாள்கூட இல்லை. ஆறு வாரத்தில் 210 மணித்தியாலம், ஏறக்குறைய ஒன்பது நாள். நோய் கடுமையாக இருந்த பாத்திக்கு ஆறு வாரம் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான். முகில் மூடிய நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெப்பத்தை அளக்க, தண்டு உலோகத்தாலான மண் வெப்பமானி ஒன்று போதும். ஒரு கிராமத்துக்கு ஒன்றிருந்தாலே நல்லது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை மண்ணில் குத்தவேண்டாம். அது 42 பாகைக்கு மேல் காட்டாது, உடைந்தும் போகும். இரண்டு அங்குல ஆழத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கும், ஆறு அங்குல ஆழத்தை நான்கு ஐந்து மணிக்கும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெப்பம் கீழிறங்க நேரமெடுக்கும். பொலித்தீனில் போட்ட துளையை உடனே ஒட்டுநாடாவால் ஒட்டிவிட வேண்டும்.

எந்த மாதம்? எமது மாவட்டத்தின் மேலே சூரியன் நேர் உச்சியில் வருவது வருடத்தில் இரண்டு தடவை, சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்பும் செப்டெம்பர் தொடக்கத்திலும். முதற் காலத்தில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். தவிர, சித்திரையில் தொற்றுநீக்கிய பாத்தியைப் புரட்டாதி வரை சும்மா விட்டால் ஆடும் கோழியும் வெள்ளமும் நோயைத் திரும்பக் கொண்டுவரும். ஆகவே ஜூலை நடுப்பகுதியில் மூடி ஓகஸ்ட் கடைசியில் திறந்து உடனே விதைப்பதே பெரும்போகத்துக்கு ஏற்றது. மலைநாட்டைத் தாண்டி உலர்ந்து வரும் கச்சான் காற்றும் அப்போதுதான் வீசுகிறது. வானம் தெளிந்திருக்கும் என்பது அதன் நன்மை. பொலித்தீனைக் கிழிக்கும் என்பது அதன் தீமை.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். மூன்றடி அகலம், பத்தடி நீளமான ஒரு நாற்றுமேடையை எடுத்துக்கொள்வோம். பொலித்தீனின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டடி வரை மண் போதியளவு சூடாவதில்லை, பக்கத்து மண் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. மூன்றடிப் பாத்தியை மூன்றடிப் பொலித்தீனால் மூடினால் முழுப் பாத்தியுமே ஓரம்தான். எனவே ஒவ்வொரு பக்கமும் இரண்டடி கூடுதலாக விரித்து, அதற்கப்பால் அரையடி ஆழத்துக்குக் கான் வெட்டி ஓரடிப் பொலித்தீனைப் புதைக்க வேண்டும். அப்படியானால் தனிப் பாத்திக்கு ஒன்பதடி அகலம், பதினாறடி நீளம் தேவை. நான்கு வீட்டார் தனித்தனியே வாங்கினால் மொத்தம் 576 சதுர அடி. அதே நான்கு பாத்திகளையும் ஒரே இடத்தில், இடையில் ஓரடி வழிவிட்டு அடுத்தடுத்து அமைத்தால், 21 அடிக்குப் 16 அடி, அதாவது 336 சதுர அடி போதும். ஓரமும் குறைகிறது, செலவும் குறைகிறது. வீட்டுக்கு வீடு பொலித்தீன் பகிர்ந்து கொடுக்கும் திட்டங்களை நாம் விரும்பாததன் காரணம் இதுவே. மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ ஒரு நல்ல கிணற்றடியில் பொது நாற்றுமேடை வைப்பதுதான் பொருத்தம். வழிகளும் பொலித்தீனின் கீழேயே இருப்பதால், நடக்கும் மண்ணும் தொற்று நீங்கியதாகிவிடுகிறது.

முதலில் தொழு உரத்தை, நன்றாக மக்கியதாக, மண்ணோடு கலந்துவிட வேண்டும். திறந்த பின் உரம் இட்டால் அதோடு நோயும் வரும். கல், வேர், கட்டி ஒன்றுமில்லாமல் கொத்தி, நடுவில் சற்று உயர்வாக மட்டமாக்க வேண்டும். ஒரு மழை பெய்தாலும் நீர் பொலித்தீன்மேல் தேங்காமல் வழிந்தோட வேண்டும், தேங்கிய நீர் வெயிலை மறைத்துவிடும். பொலித்தீன் மண்ணோடு ஒட்டிப் படியவேண்டும். இடையில் காற்று நின்றால் அந்த இடத்தில் வெப்பம் குறையும்.

பின்னர் நீர். எமது எழுவான்கரை மணல் ஓரடிக்கு மேல் ஆழமாக நனைய, சதுர மீற்றருக்கு 40 லீற்றர் வேண்டும். புதைக்கும் ஓரத்தை விட்டு எமது நான்கு பாத்தித் தொகுதியின் பரப்பு ஏறத்தாழ 25 சதுர மீற்றர். ஆக 1000 லீற்றர், ஒரு சாதாரண தண்ணீர்த் தாங்கி. பத்து லீற்றர்ப் பூவாளியால் நூறு தடவை ஊற்றவேண்டும் என்று சொன்னால் பலர் திகைக்கிறார்கள். ஆனால் பத்துப் பூவாளியோடு நிறுத்தியவர்களின் பாத்திகளில்தான் புல் முளைத்திருக்கிறது. காய்ந்த மணல் முதலில் நீரை ஏற்க மறுக்கும், மேலே ஓரங்குலம் நனைந்து கீழே தூளாகவே இருக்கும். எனவே பாதியை முதல்நாள் மாலையில் மெதுவாக ஊற்றி, கிளறி, மீதியை மறுநாள் காலையில் ஊற்றி, அன்றே மூடிவிட வேண்டும். மூடுமுன் ஓரடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து அமுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உடையவேண்டும். கையில் நீர் வடிந்தால் அது அளவுக்கு மிஞ்சியது. தேங்கிய நீரைச் சூடாக்கவே வெயில் செலவாகிவிடும்.

மணல் நீரைப் பிடித்து வைக்காது. இரண்டாம் வாரத்தில் காலையில் பொலித்தீனின் உட்புறத்தைப் பாருங்கள். துளிகள் நிறைந்திருந்தால் ஈரம் இருக்கிறது. துளிகள் இல்லையென்றால் ஒரு மாலையில் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து மீண்டும் நீர் ஊற்றி மூடவேண்டும். மூடுமுன்பே துளையிட்ட குழாயொன்றைப் பாத்திகளின் நடுவே போட்டு, அதன் வாயை வெளியே விட்டிருந்தால் திறக்கும் தேவையே இல்லை. வாவியோரக் கிணறுகள் பல ஆடி ஆவணியில் உவர்த்துவிடும். அந்த நீரால் நனைத்தால் நோய் போனாலும் உப்பு தங்கி நாற்றைக் கருக்கும். நல்ல நீர்க் கிணறு இல்லாத இடத்தில் பொது நாற்றுமேடையை வைக்கவேண்டாம். படுவான்கரையின் களிமண் நிலங்களில் நிலைமை வேறு. அங்கே ஈரம் நிற்கும், ஆனால் கட்டிகளை நன்றாக உடைக்காவிட்டால் பொலித்தீன் மண்ணில் படியாது.

பொலித்தீன் நிறமற்றதாக இருக்கவேண்டும் என்பதைத் திரும்பவும் சொல்கிறோம். கறுப்புப் பொலித்தீன் தானே சூடாகிறது, மண்ணைக் குறைவாகவே சூடாக்குகிறது. தடிப்பைப் பொறுத்தவரை, கடைக்காரர் 'கேஜ்' கணக்கில் சொல்வார்; 100 கேஜ் என்பது 25 மைக்ரோன். மெல்லியது நன்றாகச் சூடாக்கும், ஆனால் கச்சானுக்கு ஒரு வாரமும் நிற்காது. 200 தொடக்கம் 400 கேஜ் எமது காற்றுக்கு ஏற்றது. கவனமாகக் கழற்றிக் கழுவி நிழலில் வைத்தால் மறுவருடமும் உதவலாம். வெயிலில் நொறுங்கத் தொடங்கிய பொலித்தீனை மூன்றாம் தடவைக்கும் இழுத்தடிக்க வேண்டாம். அதன் துண்டுகள் காற்றோடு வாவிக்குள்தான் போகும், அங்கே வலை வீசுபவரும் எம்மவரே. இதுவும் பொது நாற்றுமேடைக்குச் சார்பான வாதம்: ஒரு பொலித்தீனுக்கு ஒருவர் பொறுப்பாக இருக்கலாம், நூறு துண்டுகளுக்கு யாரும் பொறுப்பில்லை.

சரியாகச் சூடாகிறதா என்று வெப்பமானி இல்லாமலும் அறியலாம். முதல் வாரத்தில் புல் முளைக்கும், அது நல்ல அறிகுறி, விதைகள் விழித்துவிட்டன. இரண்டாம் வாரத்தில் அது வெந்து மஞ்சளாகிச் சாயவேண்டும். பசுமையாகவே வளர்ந்து பொலித்தீனைத் தூக்கினால் எங்கோ காற்றுப் போகிறது அல்லது ஈரம் இல்லை. கோரையை மட்டும் இந்தச் சோதனைக்கு எடுக்கவேண்டாம். அதன் இலை கருகினாலும் ஆழத்திலுள்ள கிழங்கு பிழைத்துக்கொள்ளும். கோரை நிறைந்த மண்ணில் முதலே கிழங்கைப் பொறுக்கி எடுக்காமல் இம்முறையை நம்புவது வீண்.

வேறு எல்லைகளும் உண்டு. நாற்று மடிதலுக்குக் காரணமான பங்கசுகள், கழுத்தழுகல் பங்கசு, மேல்மண்ணிலுள்ள வேர்முடிச்சுப் புழுக்கள், புல் விதைகள் ஆகியவற்றை இது பெருமளவு குறைக்கும், முற்றாக அழிக்காது. வேர்முடிச்சுப் புழுக்கள் ஆழத்திலிருந்து மீண்டும் மேலேறும். நாற்றின் குறுகிய காலத்துக்கு அது பரவாயில்லை. பற்றீரியா வாடலில் பலன் ஓரிடத்துக்கு ஓரிடம் மாறுபடுகிறது, அதற்காக இதை ஒருவருக்குப் பரிந்துரைக்க எமக்குத் துணிவில்லை. முழுத் தோட்டத்தையும் மூடுவதும் எமது குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது.

நாற்றுமேடைமீது உமியும் வைக்கோலும் எரிக்கும் பழைய முறையை விடச்சொல்கிறோமா என்று கேட்பார்கள். ஆறு வாரம் காத்திருக்க முடியாதவருக்கு அது இன்றும் நல்ல முறை. ஆனால் அதன் வெப்பம் மேலே சில அங்குலத்தோடு நின்றுவிடும், எழுவான்கரையில் உமியை விலைகொடுத்து ஏற்றி வரவும் வேண்டும். பங்கசுநாசினி ஊற்றுவது பற்றித்தான் எமக்குக் கவலை. மணலில் ஊற்றியது வடிந்து போகும் இடம், பத்து யார் தூரத்திலுள்ள குடிநீர்க் கிணறு. 2021இல் இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் திடீரென இறக்குமதித் தடைக்கு உள்ளானபோது, நஞ்சை மட்டுமே நம்பியிருந்த நாற்றுமேடைகளுக்கு மாற்று வழி எதுவும் இருக்கவில்லை. அந்தத் தடை அதே வருடக் கடைசியில் நீக்கப்பட்டதும், இந்தப் பேச்சையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

திறந்த பின் செய்யும் தவறு ஒன்றுண்டு. ஒரு நாள் ஆறவிட்டு, மண்வெட்டி போடாமல், மேலே இரண்டங்குலம் மட்டும் கிளறி விதைக்க வேண்டும். ஆழமாகக் கொத்தினால் கீழேயுள்ள சூடுபடாத மண் மேலே வந்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவாமல் கொண்டுவரக் கூடாது. ஒரு மூலையில் இரண்டடியை மூடாமல் விட்டு அதிலும் அதே விதையை எண்ணிப் போட்டால், இரண்டு கிழமையில் எத்தனை நாற்று எங்கே நிற்கிறது என்பது எவருக்கும் தெரிந்துவிடும். எமது விவசாயப் போதனாசிரியர்கள் துண்டுப்பிரசுரத்துக்குச் செலவிடும் நேரத்தை இந்த இரண்டடிக்குச் செலவிடலாம்.

அந்த அம்மாவின் பாத்தியை அன்றே பிரித்தோம். ஓகஸ்டுக்கு இன்னும் சில நாள் இருந்தது. பக்கத்து மூன்று வீட்டாரும் சேர்ந்தார்கள், நல்ல நீர்க் கிணறுள்ள வளவைத் தெரிந்தெடுத்தார்கள். பூவாளிகளை எண்ணும் வேலை பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. எழுபதாவதில் ஒருவர் "போதும் தானே" என்றார். ஓரடி தோண்டிக் காட்டினோம், கீழே இன்னும் தூள் மணல்தான். மீதி முப்பதையும் ஊற்றி, பொழுது சாயுமுன் கானை மூடிவிட்டே வீட்டுக்குப் போனார்கள்.